திருத்தப் பதிவை மூலத்தோடு இணைக்க எது ஏற்றது: ஈக்வலைசர் பொருத்தம், ரூம் டோன், மறுபதிவு?

ஒரு நூலின் வாசிப்பைப் பதிந்து, தொகுத்து, முழுவதும் கேட்டுப் பார்த்த பிறகுதான் சில வாக்கியங்களில் பிழை இருப்பது தெரியவருகிறது. ஓர் ஊரின் பெயர் தவறாக உச்சரிக்கப்பட்டிருக்கும். ஒரு வரி விடுபட்டிருக்கும். வாசிப்பவரின் வயிறு நடுவில் ஒரு சத்தம் போட்டிருக்கும். வாசித்தவர் அந்த வாக்கியங்களை மட்டும் வேறொரு நாளில், வேறோர் அறையில், அப்போது கையில் இருந்த வேறொரு மைக்கில் பதிந்து அனுப்புகிறார். அவற்றை உரிய இடத்தில் வைத்தால் சொற்கள் சரியாக இருந்தும் ஒட்டுப்போட்ட இடம் காதில் உறுத்துகிறது. இப்போது தொகுப்பாளர் முன் நான்கு வழிகள் உள்ளன. பொருத்தும் ஈக்வலைசரைக் கொண்டு புதிய பதிவின் குரல் நிறத்தைப் பழையதற்கு இணையாக்கலாம். அதே வேலையைக் கையால் திருத்தும் ஈக்வலைசரில் செய்யலாம். குரலைத் தொடாமல், பழைய அறையின் பின்னணி ஒலியை, அதாவது ரூம் டோனை, புதிய பதிவின் அடியில் இடலாம். எதுவும் வேண்டாம் என்று மீண்டும் பதியச் சொல்லலாம்.

பலர் முதல் வழியிலேயே தொடங்குகிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் வளைகோடு ஒன்று திரையில் தோன்றிவிடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். என் கருத்தில் வரிசை வேறு. குரலின் நிறம் சற்று மாறினால் கேட்பவர் அதை வாசிப்பவரின் தொனி மாற்றமாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார். ஆனால் வாக்கியத்தின் நடுவில் பின்னணி இரைச்சல் திடீரென அற்றுப்போனால், அதுவரை அப்படி ஓர் இரைச்சல் இருந்ததையே அறியாதவர்கூட அந்தக் கணத்தில் நிமிர்ந்து உட்காருவார். ஆகவே ரூம் டோன் சரியாக அமைந்த இடத்தில் ஈக்வலைசர் பாதி வேலை செய்தாலே போதும். ரூம் டோன் தவறிய இடத்தில் ஈக்வலைசர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒட்டு மறையாது.

எது வேறுபடுகிறது என்று முதலில் பிரித்தறிதல்

இரண்டு பதிவுகளுக்கு இடையில் மூன்று விதமான வேறுபாடுகள் இருக்கக்கூடும்: பின்னணி இரைச்சல், குரலின் நிறம், அறையின் எதிரொலிப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால், எது எவ்வளவு என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அதற்கு முன் இரண்டு பதிவுகளின் உரப்பையும் சமப்படுத்தியே ஆக வேண்டும். பேச்சின் சராசரி அளவில் இரண்டு மூன்று டெசிபல் வேறுபாடு இருந்தால், உரத்த பதிவு தெளிவாகவும் நிறைவாகவும் இருப்பதுபோல் தோன்றும். நாம் அதை நிற வேறுபாடு என்று எண்ணி ஈக்வலைசரைத் தேடிப் போவோம். உரப்பைச் சமப்படுத்திய பிறகு, மூலத்திலிருந்து ஒரு வாக்கியம், திருத்தத்திலிருந்து ஒரு வாக்கியம், மறுபடி மூலத்திலிருந்து ஒரு வாக்கியம் என்று இடைவெளி இல்லாமல் அடுக்கி, ஹெட்ஃபோனில் திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். வாக்கியங்களுக்கு இடைப்பட்ட நிறுத்தங்களில் மட்டும் மாற்றம் உறுத்தினால் அது இரைச்சல் வேறுபாடு. சொற்கள் ஒலிக்கும்போதே குரல் மந்தமாகவோ கூர்மையாகவோ மாறினால் அது நிறம். ஒரு சொல் முடிந்தவுடன் அதன் வால் ஒரு பதிவில் சட்டென்று அறுந்தும் மற்றதில் சிறிது நீண்டு தேய்ந்தும் போனால் அது எதிரொலிப்பு. க், ட், ப் போன்ற வல்லின ஒலிகளை அடுத்து வரும் நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இந்த வால் நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது வேறுபாடு பெரிதாக இருந்தால், முதல் இரண்டையும் சரிசெய்வதில் நேரம் செலவிடுமுன் சற்று நிதானிக்க வேண்டும். ஈக்வலைசர் எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதில் அதற்குக் கை இல்லை.

தானியங்கிப் பொருத்தமும் கைத்திருத்தமும்

பொருத்தும் ஈக்வலைசரின் உட்கூறு எளிமையானது. மூலப் பதிவின் ஒரு பகுதியை அதற்குக் கேட்கக் கொடுத்தால், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் சராசரியாக எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்கிறது. திருத்தப் பதிவுக்கும் அதையே செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வளைகோடாக்குகிறது. லாஜிக் புரோவில் உள்ள Match EQ, ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் Pro-Q, ஐசோடோப்பின் RX ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. இது இல்லாதவர்கள் ஆடாசிட்டியில் இரண்டு பதிவுகளுக்கும் தனித்தனியே Plot Spectrum எடுத்து, வித்தியாசத்தைப் பார்த்து Filter Curve EQ-இல் கோடு வரையலாம். முறை ஒன்றே, உழைப்பு மட்டும் கூடுதல்.

இந்தக் கணக்கு மைக்கை மட்டும் அளப்பதில்லை என்பதே இதன் பலவீனம். வாசிக்கப்பட்ட சொற்களையும் சேர்த்தே அளக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகுந்து இருந்தால் மேல் அதிர்வெண்கள் தூக்கலாகத் தெரியும். மற்றொன்றில் ‘ம’, ‘ன’ ஒலிகள் நிறைந்திருந்தால் கீழ்ப்பகுதி கனத்துத் தெரியும். ஐந்து நொடித் திருத்தம் ஒன்றை மட்டும் கொடுத்துக் கணக்கிடச் சொன்னால், வரும் வளைகோடு அந்த ஒரு வாக்கியத்தின் எழுத்துகளைச் சரிசெய்ய முயலும். ஆகவே எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாகக் கோத்து, அரை நிமிடத்துக்குக் குறையாத தொடர் பேச்சாக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் கிடைத்தால் மேலும் நல்லது. இன்னும் சிறந்த வழி, மூலத்தில் ஏற்கெனவே சரியாக உள்ள ஒரு பத்தியைத் திருத்தப் பதிவின் தொடக்கத்தில் வாசிப்பவரை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்வது. இரண்டிலும் ஒரே சொற்கள் இருப்பதால், மிஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் மைக்கும் அறையும் தூரமும் சார்ந்ததாக இருக்கும். நிறுத்தங்களை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நீண்ட நிறுத்தங்கள் உள்ளே இருந்தால் மின்விசிறியின் இரைச்சலையும் குரலின் பகுதியாக எண்ணி அதையும் பொருத்தப் பார்க்கும்.

மற்றொரு விதி: பதப்படுத்தாத பதிவைப் பதப்படுத்தாத பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். மூலம் ஏற்கெனவே கம்ப்ரசர், டீ-எஸ்ஸர் எல்லாம் கடந்து வந்த கோப்பாக இருந்து, திருத்தம் மைக்கிலிருந்து நேராக வந்ததாக இருந்தால், வளைகோடு அந்தக் கருவிகளின் விளைவையும் சேர்த்துப் பின்பற்ற முயன்று தோற்கும். கச்சாப் பதிவுகளைப் பொருத்திவிட்டு, இரண்டையும் ஒரே பதப்படுத்தும் தொடரின் வழியாக அனுப்புவதே முறை. முதல் நாள் கச்சாக் கோப்புகளை அழித்துவிட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஈக்வலைசர் எதுவுமே சரிசெய்ய முடியாத இரண்டு நிலைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, மேசைப் பிரதிபலிப்பு. குரல் நேராக மைக்கை அடைவதோடு மேசைப் பரப்பில் பட்டும் அடைகிறது. இரண்டு பாதைகளுக்கும் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் இரண்டாவது ஒலி ஏறக்குறைய 1 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். அதனால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். பொருத்தும் ஈக்வலைசர் இந்தப் பள்ளங்களை நிரப்பக் கூர்மையான மேடுகளை எழுப்பும். ஆனால் வாசிப்பவர் தலையைச் சில சென்டிமீட்டர் அசைத்தாலே பள்ளங்கள் இடம் மாறிவிடும். மேடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று குரலைத் தகரக் குழாயில் பேசுவதுபோல் ஆக்கும். திரையில் வளைகோடு சீப்பின் பற்களைப்போல் ஏறி இறங்கினால், காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, தூரம் மாறிக்கொண்டே இருப்பது. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கக் கீழ் அதிர்வெண்கள் பெருகும். வாசிப்பவர் ஒரே வாக்கியத்தில் பத்து சென்டிமீட்டருக்கும் இருபத்தைந்துக்கும் இடையே ஊசலாடினால், ஒரே நிலையில் நிற்கும் எந்த வளைகோடும் இரண்டு முனைகளில் ஒன்றில் தவறாகவே இருக்கும்.

இந்தக் காரணங்களால், தானியங்கியா கையா என்ற கேள்விக்கு என் விடை இரண்டையும் சேர்த்ததுதான். தானியங்கி வரைந்த கோட்டை அளவீடாகப் பார்த்து, அதன் பெரிய அசைவுகளை மட்டும் மூன்று நான்கு அகன்ற பட்டைகளாகக் கையால் அமைப்பது. அதற்கு நேரமில்லாதவர்கள் கோட்டை மழுக்கும் அளவை நன்றாகக் கூட்டி, பயன்படுத்தும் விகிதத்தை அறுபது எழுபது சதவீதத்துக்குக் குறைத்துக்கொண்டால் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும். Match EQ-இல் இவற்றுக்கு Smoothing, Apply என்று தனித்தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு

மூலம், பெரிய டயஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக்கில், வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில், கணினி விசிறி மெல்லியதாக ஓடும் அறையில் பதியப்பட்டது என்று கொள்வோம். பேச்சின் சராசரி அளவு -20 டெசிபல். நிறுத்தங்களில் இரைச்சல் -62. திருத்தமோ டைனமிக் மைக்கில், 25 சென்டிமீட்டர் தூரத்தில், துணி அலமாரி நிறைந்த சிறிய அறையில் பதியப்பட்டது. அதன் பேச்சு -26, இரைச்சல் -72. பேச்சைச் சமப்படுத்த 6 டெசிபல் கூட்டியதும் இரைச்சலும் உடன் ஏறி -66 ஆகிறது.

தானியங்கி தரும் வளைகோடு 120 ஹெர்ட்ஸ் அருகே 5 டெசிபல் ஏற்றம், 350 அருகே 4 டெசிபல் இறக்கம், 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8 டெசிபல் வரை ஏற்றம், 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 15 டெசிபலைத் தாண்டும் ஒரு செங்குத்து என்று அமைகிறது. இவற்றில் எதை நம்பலாம்? கீழ்ப்பகுதி ஏற்றத்துக்குக் காரணம் புரிகிறது. தூரம் கூடியதால் நெருக்கத்தின் கனம் குறைந்திருக்கிறது. 350 ஹெர்ட்ஸ் இறக்கம் சிறிய அறையின் பெட்டித்தன்மையைக் குறிக்கிறது. 7 கிலோஹெர்ட்ஸ் ஏற்றம் இரண்டு மைக் வகைகளுக்கும் இடையே எதிர்பார்க்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் 14-க்கு மேல் அந்த டைனமிக் மைக் குரலிலிருந்து எதையுமே வாங்கியிருக்காது. அங்கே ஏற்றினால் வருவது முன்பெருக்கியின் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் மட்டுமே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காணும் வித்தியாசமும் குரலின் வித்தியாசமன்று. தரையதிர்வும் மின்சார முனகலும் மட்டுமே அங்கு இருக்கும். ஆகவே 80 ஹெர்ட்ஸுக்கும் 12 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையில் மட்டும், 150-க்குக் கீழே 3 டெசிபல் ஏற்றம், 350-இல் அகலமான 2.5 இறக்கம், 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 ஏற்றம் என்று நிறுத்திக்கொள்ளலாம். மேல்பகுதி ஏறியதால் ‘ஸ’ ஒலிகள் குத்தத் தொடங்கினால், டீ-எஸ்ஸரை ஈக்வலைசருக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் அது அடக்கியதை ஈக்வலைசர் மறுபடி எழுப்பிவிடும்.

இந்த ஏற்றங்கள் இரைச்சலையும் சேர்த்தே ஏற்றுகின்றன. இப்போது அளந்தால் நிறுத்தங்களில் -64 இருக்கிறது என்று கொள்வோம். ரூம் டோன் ஏன் ஈக்வலைசருக்குப் பிறகுதான் வர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். முன்னதாகவே இட்டிருந்தால், சரியான நிறத்தில் இருந்த பழைய அறையின் ஒலியும் வளைகோட்டில் சிக்கி வேறோர் அறையின் ஒலியாக மாறியிருக்கும்.

எவ்வளவு ரூம் டோன் இட வேண்டும்? மூலத்தில் -62 என்பதால் -62 அளவிலேயே இட்டுவிடுவது இயல்பான தவறு. திருத்தத்தில் ஏற்கெனவே -64 இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு இரைச்சல்கள் சேரும்போது அவற்றின் ஆற்றல்கள் கூடுகின்றன. -64-உம் -62-உம் சேர்ந்தால் -59.9 ஆகும். இதில் இரண்டு தீங்குகள். முதலாவது, திருத்தம் மூலத்தைவிட 2 டெசிபல் இரைச்சலாகிவிடும். இரண்டாவது, ஒலிநூல்களுக்கு ACX தளம் விதிக்கும் -60 டெசிபல் இரைச்சல் வரம்பை மயிரிழையில் தாண்டிவிடும். தேவையான அளவை இப்படிக் கணக்கிடலாம்:

```
L = 10 × log10( 10^(-62/10) − 10^(-64/10) ) ≈ -66.3
```

அதாவது ரூம் டோனை -66.3 டெசிபலில் இட்டால் மொத்தம் -62 ஆகும். பின்னால் அளவைக் கூட்டும் கருவி எதுவும் இல்லை என்ற எடுகோளின் மேல் நிற்கும் கணக்கு இது. கம்ப்ரசர் வரவிருந்தால், ஈக்வலைசரைக் கடந்த திருத்தத்தோடு ரூம் டோனைக் கம்ப்ரசருக்கு முன்னரே சேர்த்து, மூலமும் திருத்தமும் ஒன்றாக அதன் வழியே போகும்படி செய்ய வேண்டும்.

எண் சமமாகிவிட்டதால் ஒலியும் சமமாகிவிட்டது என்று பொருளில்லை. விசிறியின் இரைச்சல் கீழ் அதிர்வெண்களில் குவிந்திருக்கும். முன்பெருக்கியின் சீறல் மேலே பரவியிருக்கும். திருத்தத்தின் சீறல் மூலத்தின் மேல்பகுதி இரைச்சலைவிட அதிகமாக இருந்தால், எவ்வளவு ரூம் டோன் இட்டாலும் சீறல் தனித்துத் தெரியும். கூட்டுவதால் ஒன்றைக் குறைக்க முடியாது. அந்த நிலையில் ஈக்வலைசருக்கு முன்பே திருத்தத்துக்கு மட்டும் மிதமான இரைச்சல் நீக்கம் செய்து, 6 முதல் 10 டெசிபல் வரை இறக்கிவிட்டுப் பிறகு ரூம் டோனைச் சேர்க்கலாம்.

ரூம் டோனை எங்கிருந்து எடுப்பது

மூன்று இடங்களிலிருந்து எடுக்கலாம். மிகச் சிறந்தது, மூலத்தைப் பதிந்த நாளிலேயே வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருக்க, அதே மைக், அதே கெயினில் ஒரு நிமிடம் பதிந்து வைத்தது. ஆள் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிறிய அறையில் ஓர் உடல் ஒலியை உறிஞ்சும். வெற்று அறையின் ஒலி சற்று வேறாக இருக்கும். மாலைக்குள் குளிர்சாதனமோ தெருவோ மாறிவிடக்கூடும் என்பதால் ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியே பதிவது நல்லது.

அது இல்லாதபோது மூலத்தின் நிறுத்தங்களிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். இங்கே பொறுமை தேவை. நிறுத்தத்தின் முதல் கால் நொடியில் முந்தைய சொல்லின் வால் இருக்கும். இறுதியில் அடுத்த மூச்சு தொடங்கியிருக்கும். இரண்டையும் விட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். திருத்தம் செருகப்படும் இடத்துக்கு அருகிலுள்ள நிறுத்தங்களே அந்த நேரத்து அறைக்கு மிக நெருக்கமானவை. துண்டுகளை இணைக்கும்போது நேர்கோட்டுக் கிராஸ்ஃபேட் போட்டால், தொடர்பற்ற இரைச்சல்கள் என்பதால் ஒவ்வோர் இணைப்பின் நடுவிலும் அளவு 3 டெசிபல் தாழும்; சம ஆற்றல் கிராஸ்ஃபேட்டில் அந்தத் தாழ்வு இல்லை. இரண்டு நொடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவது வேண்டாம். அதில் எங்கோ இருக்கும் ஒரு சிறு ‘டிக்’ தாளம்போல் வந்துகொண்டிருக்கும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு வேறெதையும் கேட்க முடியாது. இருபது முப்பது நொடி நீளத்துக்குச் சேகரித்தால் அந்தச் சிக்கல் வராது.

மூன்றாவது, கருவியைக் கொண்டு உருவாக்குவது. RX-இல் உள்ள Ambience Match பழைய பதிவின் பின்னணியைக் கற்றுக்கொண்டு அதே தன்மையுள்ள புதிய இரைச்சலைத் திரும்ப ஓடாமல் உருவாக்கித் தருகிறது. விசிறி, குளிர்சாதனம் போன்ற சீரான ஒலிக்கு இது பொறுக்கி எடுத்ததைவிடச் சில நேரங்களில் நன்றாகவே அமைகிறது. தொலைவில் வண்டி போவது, பறவை கூவுவது போன்ற அசைவுள்ள பின்னணிக்கு இது பயன்படாது. இவை எதற்கும் பதிலாக வெறும் வெள்ளிரைச்சலை அடியில் இடுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எந்த அறையும் எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை; அது சீறலாகவே கேட்கும்.

எதைத் தேர்ந்தாலும், ரூம் டோனை நிறுத்தங்களில் மட்டும் இட்டால் போதாது. திருத்தத்தின் முழு நீளத்துக்கும், சொற்களின் அடியிலும், தொடர்ந்து ஓட வேண்டும். இணைப்பைக் கூடுமானவரை ஒரு மூச்சுக்கு முன்போ வல்லின எழுத்துக்கு முன்போ வைத்தால், அடுத்து எழும் ஒலி மிச்ச வேறுபாட்டை மறைத்துக்கொள்ளும்.

எப்போது மறுபதிவு

எதிரொலிப்பே முதன்மை வேறுபாடாக இருந்தால், முடிவு எந்தப் பக்கம் எதிரொலி கூடுதல் என்பதைப் பொறுத்தது. திருத்தம் வறண்டும் மூலம் சற்று முழக்கத்தோடும் இருந்தால், மிகக் குறுகிய அறை ரிவெர்பைச் சிறிதளவு சேர்த்து ஈடுகட்ட முடியும். மேலே கண்ட வரிசையில் அது ஈக்வலைசருக்கும் ரூம் டோனுக்கும் இடையில் வரும். மாறாக, மூலம் வறண்டு திருத்தம் கூடத்தில் பேசியதுபோல் இருந்தால், எதிரொலி நீக்கும் கருவிகள் குரலின் மென்மையான விளிம்புகளையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. சில வாக்கியங்களுக்காக அந்தப் போராட்டத்தில் இறங்குவதைவிட, போர்வைகளுக்கு இடையில் அமர்ந்து மீண்டும் வாசிக்கச் சொல்வது விரைவானது. மைக் வேறாக இருந்தாலும் தூரத்தை மட்டும் முதல் நாள் இருந்தபடி வைக்கச் சொன்னால், ஈக்வலைசரின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். வாசிப்பவரின் குரலே வேறாக இருந்தாலும் மறுபதிவுதான் வழி. காலையில் எழுந்தவுடன் பதிந்த கனத்த குரலும், சளி பிடித்த மூக்கடைத்த குரலும், வேகம் மாறிய வாசிப்பும் ஈக்வலைசரின் எல்லைக்கு வெளியே உள்ளவை. முதல் நாள் பதிவின் ஒரு நிமிடத்தைக் கேட்கச் செய்துவிட்டு வாசிக்கச் சொன்னால் வேகமும் தொனியும் பெருமளவு திரும்ப வந்துவிடும்.

திருத்தங்களைப் பொறுத்தவரை எதை எதற்குப் பொருத்துவது என்ற கேள்வி எழுவதில்லை; சிறியது பெரியதற்கு வளைந்துகொடுக்க வேண்டும், பெரியது தரத்தில் தாழ்ந்திருந்தாலும்கூட. நூலின் முதற்பாதி ஒரு மைக்கிலும் பிற்பாதி மற்றொன்றிலும் பதியப்பட்டிருந்தால் நிலை வேறு. அங்கே ஒரு பாதியை மற்றதன் நகலாக்க முயல்வதைவிட, இரண்டையும் பாதிப் பாதி நகர்த்தி நடுவில் சந்திக்கச் செய்வது குரலுக்குக் குறைந்த சேதம். இரைச்சல் குறைந்த பாதியில் ரூம் டோன் சேர்ப்பதும் அங்கே பெரும்பாலும் தேவைப்படாது. மைக் மாறும் இடத்தை அத்தியாய முடிவுக்குத் தள்ளிவைக்க முடிந்தால், இடையில் வரும் சில நொடி இடைவெளியும் புதிய தலைப்பும் கேட்பவரின் நினைவிலிருந்து பழைய பின்னணியை அழித்துவிடும். உரப்பை மட்டும் சமப்படுத்தி, ஈக்வலைசரில் ஒன்றிரண்டு டெசிபல் தொட்டால் போதும்.